மூன்று கேமரா, ஒரே லட், மூன்று விதமான மஞ்சள்

கோபிக்காரன் | திங்கள், இரவு 10.40

வணக்கம். போன முகூர்த்தத்தில் கோபியில் ஒரு கல்யாணம் எடுத்தோம். மேடையில் நான் சோனி, எஸ்-லாக் 3. பக்கவாட்டில் நண்பன் கேனான், சி-லாக் 3. காலையில் தடப்பள்ளி வாய்க்கால் ஓரமாக டிரோன், டி-லாக் எம். வெட்டி ஒட்டும் வேலை முடிந்துவிட்டது. நிறத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

இணையத்தில் காசு கொடுத்து, நிறத்தை மாற்றும் லட் கோப்புகளின் தொகுப்பு ஒன்று வாங்கியிருந்தேன். பிலிம் தோற்றம் வரும் என்று போட்டிருந்தார்கள். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்று கேமரா கிளிப்களிலும் போட்டேன். சோனியில் முகமெல்லாம் வெளிறிப் பவுடர் பூசியதுபோல ஆகிவிட்டது. கேனானில் படம் இருட்டு, தோல் செக்கச்செவேல். டிரோனில் தென்னந்தோப்பு கரிக்கட்டை நிறம்.

இணைச்சீர் சடங்கை இரண்டு கேமராவிலும் மாற்றி மாற்றி வெட்டியிருக்கிறேன். ஒவ்வொரு வெட்டிலும் நாத்தனாரின் மஞ்சள் பட்டு வேறு புடவையாக மாறுகிறது. ஒரே லட்தானே போட்டேன், ஏன் ஒரே நிறம் வரவில்லை? வியாழக்கிழமை முன்னோட்டம் காட்ட வேண்டும். டாவின்சி ரிசால்வ் மென்பொருளில்தான் வேலை செய்கிறேன்.

---

ஊத்துக்குளி வெண்ணெய் | திங்கள், இரவு 10.58

லட்டின் வீரியத்தை 60க்குக் குறையுங்கள் தம்பி. நான் கைபேசிச் செயலியில் அப்படித்தான் செய்கிறேன். வெளிறல், சிவப்பு இரண்டுமே குறைந்துவிடும்.

---

காங்கேயம் கிளிக் | திங்கள், இரவு 11.15

லட் என்பது ஒரு பெரிய வாய்ப்பாடு, அவ்வளவுதான். உள்ளே ஓர் எண் போனால் வெளியே இன்னோர் எண் வரும். உங்கள் லட் சோனிக்காகச் செய்ததாக இருக்கும், அதனால்தான் கேனானில் வேலை செய்யவில்லை. கேனானுக்கென்று தனி லட், டிரோனுக்கென்று தனி லட் வாங்கினால் சரியாகிவிடும். ஒரே தொகுப்பில் மூன்றுக்கும் விற்கிறார்கள்.

---

நொய்யல் நிறம் | செவ்வாய், காலை 6.20

கிளிக் தம்பி சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி வீண் செலவு.

வாய்ப்பாடு என்றது நல்ல உவமை. கோபி, அந்த `.cube` கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். உள்ளே மந்திரம் எதுவும் இருக்காது:

```
TITLE "look"
LUT_3D_SIZE 33
0.000000 0.000000 0.000000
...
```

சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 33 படிகள். 33ஐ மும்முறை பெருக்கினால் 35,937 வரிகள். இந்தச் சிவப்பும் இந்தப் பச்சையும் இந்த நீலமும் வந்தால் இதைக் கொடு என்பதுதான் ஒவ்வொரு வரியும். இரண்டு படிகளுக்கு நடுவே விழும் நிறத்தை மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. எந்தக் கேமரா எடுத்தது, முகமா சுவரா, வெயிலா டியூப் விளக்கா என்று அந்த வரிகளுக்குத் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்தது எண் மட்டும்.

இனி உங்கள் எண்களைப் பாருங்கள். 18 சதவீதச் சாம்பல் அட்டையை முறையான வெளிச்சத்தில் எடுத்தால் எஸ்-லாக் 3 அதை ஏறத்தாழ 41 சதவீதத்தில் எழுதும். சி-லாக் 3 அதே அட்டையை 34 சதவீதத்தில் எழுதும். அட்டை ஒன்று, மண்டபம் ஒன்று, எண் இரண்டு. சோனிக்காகச் செய்த லட்டிடம் 34ஐக் கொடுத்தால், இது சாம்பலைவிட இருட்டான பொருள் என்று நினைத்து அதை இன்னும் கீழே தள்ளும். உங்கள் கேனான் இருட்டின் கதை இதுதான்.

மூன்று லட் வாங்கினால் என்ன ஆகும்? மூன்றையும் செய்தவர் ஒரே கணக்கில் செய்தாரா என்று நமக்குத் தெரியாது. செய்திருந்தாலும், உங்கள் வெளிச்சம் கூடவோ குறையவோ இருந்தால் அதைத் திருத்துவதற்கு நடுவில் இடமே இல்லை. அதனால் வேலையை இரண்டாக உடைக்க வேண்டும். முதலில் மூன்று கேமராவையும் ஒரே மொழி பேச வையுங்கள். தோற்றம் கடைசியில் ஒரே ஒரு முறை. ரிசால்வில் அதற்கு லட்கூடத் தேவையில்லை:

```
1  Color Space Transform:
   S-Gamut3.Cine / S-Log3  ->  DaVinci Wide Gamut / DaVinci Intermediate
2  exposure, white balance
3  Color Space Transform:
   DaVinci Wide Gamut / DaVinci Intermediate  ->  Rec.709 / Cineon Film Log
4  LUT: Rec709 Kodak 2383 D60
```

ஒவ்வொரு படியும் ஒரு நோடு. கேனானுக்கு முதல் நோடில் உள்ளீடு மட்டும் மாறும். மூன்றும் நான்கும் எல்லாக் கிளிப்களுக்கும் பொது. அவற்றைக் கிளிப்பில் போடாமல் டைம்லைன் நோடில் ஒரே தடவை போடுங்கள். முதல் நோடில் `Tone Mapping` என்ற இடத்தில் `None` வையுங்கள். இல்லையென்றால் வெளிச்சப் பகுதிகளை ஒரு முறை அங்கேயும் இன்னொரு முறை கடைசியிலும் அமுக்கிவிடும். திட்ட அமைப்பில் டைம்லைன் நிறவெளியையும் `DaVinci Wide Gamut / Intermediate` என்று மாற்றுங்கள். ஏன் என்று இரண்டாம் நோடு பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

நான்காவதாக எழுதியிருக்கும் லட் மென்பொருளோடே வருகிறது, `Film Looks` உறைக்குள் பாருங்கள். நீங்கள் வாங்கியதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அது எந்த உள்ளீட்டை எதிர்பார்க்கிறது என்று விற்றவர் எழுதியிருக்கிறாரா?

---

கோபிக்காரன் | செவ்வாய், காலை 8.05

அக்கா, ஒரு வரிகூட எழுதவில்லை. கோப்பின் பெயர் "பொன்மாலை 07" என்ற பொருளில் இருக்கிறது, அவ்வளவுதான்.

---

பழைய ரீல் | செவ்வாய், காலை 9.30

நொய்யல் சொன்ன நான்காவது படியைப் பற்றி ஒரு வார்த்தை. கொடாக் 2383 என்பது கேமராவில் போட்டுப் படமெடுக்கும் பிலிம் இல்லை. நெகடிவிலிருந்து தியேட்டருக்குப் பிரதி போடும் பிரிண்ட் பிலிம். நெகடிவைக் கையில் எடுத்துப் பார்த்தால் கான்ட்ராஸ்ட் குறைவாக, சப்பென்று இருக்கும். பிரிண்டில்தான் கறுப்பு இறங்கும், நிறம் ஏறும். ஆகவே அந்த லட்டிடம் நெகடிவைப்போல ஒன்றைக் கொடுத்தால்தான் அது பிரிண்ட் போடும். `Cineon Film Log` என்பது நெகடிவை ஸ்கேன் செய்து எழுதுவதற்காகக் கொடாக் வகுத்த முறை. மூன்றாவது நோடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஏற்கெனவே கான்ட்ராஸ்ட் ஏற்றிய படத்தின்மேல் இந்த லட்டைப் போட்டால், பிரிண்டுக்கு மேலே ஒரு பிரிண்ட் போட்ட கதை. கரிக்கட்டைதான் மிஞ்சும்.

லேபில் நிறம் திருத்துபவர் ஒவ்வொரு காட்சிக்கும் சிவப்பு, பச்சை, நீல விளக்குகளின் அளவைத்தான் கூட்டிக் குறைப்பார். பிரிண்ட் பிலிம் மாறவே மாறாது. படம் முழுக்க ஒரே குணம் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் இரண்டாம் நோடுதான் அந்த விளக்கு, நான்காம் நோடு அந்த பிலிம். இதை மனதில் வைத்துக்கொண்டால் எதை எங்கே தொடுவது என்ற குழப்பம் வராது கண்ணு.

---

காங்கேயம் கிளிக் | செவ்வாய், காலை 10.10

ஐயா சொன்னது புரிகிறது. ஆனால் அந்த உறைக்குள் டி55, டி60, டி65 என்று மூன்று இருக்கின்றனவே. வெயிலில் எடுத்ததற்கு டி55, மண்டப விளக்கில் எடுத்ததற்கு டி65 என்று மாற்றிப் போட வேண்டும். ஒரே லட் எல்லாவற்றுக்கும் என்பது அங்கே பொருந்தாது.

---

நொய்யல் நிறம் | செவ்வாய், பகல் 12.45

இல்லை தம்பி, அது படம் எடுத்த இடத்தின் விளக்கைப் பற்றியது அன்று. திரையில் விழும் வெள்ளை எந்தச் சாயலில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்வது. டி55 போட்டால் படம் முழுவதும் இளஞ்சூடாகத் தெரியும், டி65 நடுநிலையாக இருக்கும். கிளிப்புக்குக் கிளிப் அதை மாற்றினால் தியேட்டரில் ரீலுக்கு ரீல் புரொஜெக்டர் விளக்கை மாற்றியதற்குச் சமம். ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே முடியுங்கள். மண்டப விளக்கின் சாயலைக் கழற்றும் வேலை இரண்டாம் நோடில்.

---

பனியன்கடை | செவ்வாய், மாலை 4.00

நல்ல நேரத்தில் இந்தப் பேச்சு. திருப்பூரில் எங்கள் ஏற்றுமதிப் பிரிவுக்கு டீ-சர்ட் வீடியோ எடுக்கிறேன். துணியின் சிவப்பு வாங்குபவர் அனுப்பிய துண்டோடு ஒத்துப்போவதில்லை. இந்த 2383 லட்டைப் போட்டால் இரண்டு கேமராவிலும் துணி நிறம் துல்லியமாக வந்துவிடுமா?

---

நொய்யல் நிறம் | செவ்வாய், மாலை 6.30

அண்ணா, வேண்டவே வேண்டாம். உங்களுடைய கேள்வி வேறு. பிலிம் தோற்றம் என்பதே நிறத்தை வேண்டுமென்றே நகர்த்துவது. சிவப்பு ஒரு பக்கம் சாயும், அடர் நிறங்கள் இன்னும் இருளும். இரண்டு கேமராவும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் இரண்டுமே துணியைப்போல இருக்காது. உங்களுக்கு முதல் இரண்டு படிகளும், எடுக்கும் இடத்தில் ஒரு நிற அட்டையும், சாயல் காட்டாத நல்ல விளக்கும் போதும். கடைசியில் வெறும் `Rec.709` மாற்றம். தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து பேசுகிறேன்.

---

கோபிக்காரன் | செவ்வாய், இரவு 9.50

அக்கா சொன்னபடி நோடுகளைப் போட்டேன். தென்னை மரம் இன்னும் கரிதான், டிரோனைத் தனியாகக் கேட்கிறேன். சோனியில் பெரிய முன்னேற்றம், ஆனால் முகம் இன்னும் வெளிறித்தான் தெரிகிறது.

மேடையில் தொடங்கும் முன் சாம்பல் அட்டையைச் சோனியில் நாலு நொடி எடுத்து வைத்திருந்தேன். முதல் நோடு போட்ட பிறகு வேவ்ஃபார்மில் பார்த்தால் அட்டை 416இல் நிற்கிறது, 1023 வரை போகும் அளவுகோலில். எஸ்-லாக் 3க்குச் சாம்பல் 420 என்று எங்கோ படித்திருக்கிறேன். அப்படியென்றால் வெளிச்சம் சரியாகத்தானே எடுத்திருக்கிறேன்? பிறகு ஏன் வெளிறல்?

---

நொய்யல் நிறம் | புதன், காலை 5.55

இந்த இழையிலேயே மிக நல்ல தவறு இது. நானும் ஒரு காலத்தில் இதே இடத்தில் விழுந்திருக்கிறேன்.

420 என்பது எஸ்-லாக் 3இன் எண். நீங்கள் அளந்ததோ முதல் நோடுக்குப் பிறகு. அங்கே படம் எஸ்-லாக் 3 பேசவில்லை, `DaVinci Intermediate` பேசுகிறது. அந்த மொழியில் 18 சதவீதச் சாம்பலின் எண் 344. நீங்கள் கண்டது 416. அதாவது ஒரு முழு ஸ்டாப் கூடுதலாக எடுத்திருக்கிறீர்கள். சந்தேகமாக இருந்தால் முதல் நோடை அணைத்துவிட்டு அதே அட்டையைப் பாருங்கள். 420க்குப் பதிலாக 500க்குச் சற்று முன்னால் நிற்கும்.

ஒரு ஸ்டாப் கூட்டி எடுத்தது தவறில்லை. எஸ்-லாக் 3இல் நிழலில் புள்ளி தெரியாமல் இருக்கப் பலரும் வேண்டுமென்றே அப்படித்தான் எடுக்கிறார்கள். ஆனால் லட் அந்த ஒரு ஸ்டாப்பைக் கழித்துக்கொள்ளாது. நீங்கள்தான் கழிக்க வேண்டும், அதுவும் லட்டுக்கு முன்னால். இரண்டாம் நோடில் எச்டிஆர் சக்கரத்தைத் திறந்து, `Global` சக்கரத்தின் `Exp` எண்ணை -1.00 ஆக்குங்கள். அட்டை 344க்கு வந்து உட்கார வேண்டும். வரவில்லையென்றால் டைம்லைன் நிறவெளியை நீங்கள் மாற்றவில்லை என்று பொருள். அந்தச் சக்கரம் எந்த மொழியில் கணக்குப் போட வேண்டும் என்பதை அங்கிருந்துதான் தெரிந்துகொள்கிறது. நேற்று மாற்றச் சொன்னது இதற்காகத்தான்.

லட்டுக்குப் பின்னால் இதே குறைப்பைச் செய்து பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மண்டப ஜன்னலின் வெள்ளை லட்டுக்குள்ளேயே உச்சியில் அமுங்கிவிட்டது. பின்னால் குறைத்தால் வேவ்ஃபார்மின் மேல் விளிம்பு கத்தரித்த கோடாகவே கீழே இறங்கும், ஜன்னலுக்கு வெளியே இருக்கும் மரம் திரும்பி வராது. முன்னால் குறைத்தால் மரம் வரும்.

344 என்ற எண்ணைக் கணினியில் ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். சோனியோ கேனானோ, முதல் நோடைத் தாண்டிவிட்டால் எல்லாவற்றுக்கும் அதே 344தான்.

---

கோபிக்காரன் | புதன், காலை 11.20

-1.00 வைத்தேன், அட்டை 345இல் நிற்கிறது. முகம் முகமாக இருக்கிறது அக்கா. பின்னாலிருந்து இறக்கினால் ஜன்னல் சாம்பல் தட்டாகிறது என்பதையும் பார்த்துவிட்டேன்.

இனி கேனான். அங்கே அட்டை எடுக்கவில்லை. உள்ளீட்டில் `Canon Cinema Gamut`, `Canon Log 3` கொடுத்தேன். இருட்டு போய்விட்டது, ஆனால் சிவப்பு குறையவில்லை. மாப்பிள்ளை வெயிலில் பத்து நாள் கரும்பு வெட்டியவர்போல இருக்கிறார். மஞ்சள் பட்டு எலுமிச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை, கண்ணைக் குத்துகிறது.

---

காங்கேயம் கிளிக் | புதன், பகல் 12.00

கேனான் என்றாலே தோலில் சிவப்பு தூக்கலாகத்தான் இருக்கும். சாச்சுரேஷனை 35க்கு இறக்கிவிடுங்கள்.

---

நொய்யல் நிறம் | புதன், பகல் 1.10

கொஞ்சம் பொறுங்கள். சென்சார் வித்தியாசம் இந்த அளவுக்கு அடிக்காது. எல்லா நிறமும் ஒருசேரப் பொங்கி வழிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது உள்ளீட்டு நிறவெளி. கோபி, உங்கள் நண்பரிடம் கேளுங்கள்: கேனானில் சி-லாக் 3ஐத் தேர்ந்தெடுக்கும் அதே பட்டியலில் நிறவெளி என்று தனியாக ஒன்று இருக்கும். அதில் என்ன வைத்திருந்தார்?

---

கோபிக்காரன் | புதன், பகல் 2.35

கேட்டேன். அவன் அந்தப் பக்கம் போனதே இல்லையாம். கேமராவைத் திறந்து பார்த்துச் சொன்னான்: `BT.709`.

---

நொய்யல் நிறம் | புதன், மாலை 3.15

அதுதான். லாக் என்பது வெளிச்சத்தை எப்படி எழுதுவது என்பது. நிறவெளி என்பது சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு தூரம் போகும் என்பது. இரண்டும் தனித்தனி. உங்கள் நண்பரின் கேமரா குறுகிய வெளியில் நிறத்தை எழுதியது. நீங்கள் அதை அகன்ற வெளி என்று அறிவித்தீர்கள். மென்பொருள் அதை நம்பி எல்லா நிறத்தையும் வெளியே இழுத்துவிட்டது. சென்டிமீட்டரில் எழுதியதை அங்குலமாகப் படித்ததுபோல.

உள்ளீட்டில் `Input Color Space` மட்டும் `Rec.709` ஆக்குங்கள். `Input Gamma` `Canon Log 3` ஆகவே இருக்கட்டும். உங்களுடைய முதல் பதிவிலும் கேனான் இருட்டு, செக்கச்செவேல் என்றுதான் எழுதியிருந்தீர்கள். இருட்டுக்குக் காரணம் லாக், சிவப்புக்குக் காரணம் இது.

சோனியிலும் இதே பொறி உண்டு. படச் சுயவிவரம் 8இல் எடுத்தால் `S-Gamut3.Cine`, 9இல் எடுத்தால் `S-Gamut3`. இரண்டிலும் எஸ்-லாக் 3தான், ஆனால் வெளி வேறு.

அட்டை இல்லாததற்கு: இரண்டு கேமராவும் ஒரே நொடியில் பார்த்த ஒரு வெள்ளையைக் கண்டுபிடியுங்கள். மேடைத் தூண், மாப்பிள்ளையின் வேட்டி, எதுவாக இருந்தாலும் ஒரே விளக்கு விழும் பக்கமாக இருக்க வேண்டும். சோனியில் அந்த இடம் இரண்டாம் நோடுக்குப் பிறகு எந்த எண்ணில் நிற்கிறதோ, அதே எண்ணுக்குக் கேனானைக் கொண்டுவாருங்கள். வெளிச்சத்தை முதலில், சாயலை அடுத்து. அளக்கும்போது டைம்லைன் நோடை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் லட்டுக்குப் பிந்தைய எண்ணைப் படிப்பீர்கள்.

---

கோபிக்காரன் | புதன், இரவு 8.40

தூணில் கட்டியிருந்த வாழைமரம் பாதியை மறைத்துவிட்டது. நாவிதர் மங்கல வாழ்த்துப் பாடும்போது அவருடைய தோள் துண்டு இரண்டு கேமராவிலும் விழுந்திருந்தது, அதை வைத்துச் செய்தேன். கேனான் அரை ஸ்டாப்புக்குக் கொஞ்சம் குறைவாக இருட்டாக இருந்தது, 0.40 ஏற்றினேன். பிறகு சாயலில் கொஞ்சம் பச்சை இருந்தது, மண்டபத்து டியூப் விளக்குதான். அதையும் கழித்தேன்.

இப்போது வெட்டி வெட்டிப் பார்த்தாலும் நாத்தனார் ஒரே புடவையோடு இருக்கிறார். முகத்தில் சின்ன வித்தியாசம் தெரிகிறது, சோனி கொஞ்சம் மஞ்சள், கேனான் கொஞ்சம் ரோஜா.

ஆனால் 2383 போட்ட பிறகு பட்டு காவிப் பக்கம் போகிறது. மஞ்சள் மண்டி ஊர்க்காரர்கள் நாங்கள். மஞ்சள் எது, காவி எது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஊத்துக்குளி அண்ணா சொன்னதுபோல லட் நோடின் `Key Output` அளவை 0.6 ஆக்கினேன். காவி குறைந்தது, ஆனால் படம் முழுவதும் மோர் ஊற்றியதுபோல ஆகிவிட்டது.

---

ஊத்துக்குளி வெண்ணெய் | புதன், இரவு 9.00

என் கைபேசியில் அப்படி ஆகவில்லையே.

---

நொய்யல் நிறம் | புதன், இரவு 10.15

உங்கள் கைபேசியில் ஆகாது அண்ணா. அங்கே நீங்கள் ஏற்கெனவே முடிந்த படத்தின்மேல் லட் போடுகிறீர்கள். குறைத்தால் முடிந்த படமும் லட் போட்ட படமும் கலக்கும், இரண்டும் பார்க்கத் தகுந்தவை. கோபியிடம் லட்டுக்கு முன்னால் இருப்பது `Cineon Film Log`, ஐயா சொன்ன அந்தச் சப்பென்ற நெகடிவ். 0.6 வைத்தால் நூற்றில் நாற்பது பங்கு நெகடிவையும் சேர்த்துக் கலக்குகிறார். மோர் அங்கிருந்துதான் வருகிறது.

வழி இருக்கிறது. டைம்லைனில் பாதையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு கிளையில் `DaVinci Wide Gamut / DaVinci Intermediate`-லிருந்து நேராக `Rec.709 / Gamma 2.4`. இன்னொரு கிளையில் நீங்கள் வைத்திருக்கும் மூன்றும் நான்கும். இரண்டையும் லேயர் மிக்சரில் சேருங்கள். அதில் கீழ் உள்ளீட்டில் வருவதுதான் மேலே படியும், அதனால் பிலிம் கிளையைக் கீழ் உள்ளீட்டில் இணைத்து அதன் `Key Output` அளவைக் குறையுங்கள். இப்போது கலப்பவை இரண்டுமே முடிந்த படங்கள். நேர்க்கிளையில் மட்டும் `Tone Mapping` `DaVinci` ஆக இருக்கலாம், ஜன்னல் வெடிக்காமல் இருக்க.

முகத்தில் மிச்சமிருக்கும் மஞ்சள், ரோஜா வித்தியாசம் சென்சாருடையது. நிறவெளி மாற்றம் அதை முழுக்கத் தீர்க்காது. வெக்டர்ஸ்கோப்பில் தோல் கோட்டைப் பார்த்துக்கொண்டு கேனான் கிளிப்களில் சிவப்பின் சாயலை ஒரு மயிரிழை நகர்த்தினால் போதும். அதற்குமேல் துரத்தினால் விடிந்துவிடும்.

---

கோபிக்காரன் | வியாழன், அதிகாலை 1.30

0.7இல் நிறுத்தினேன். பட்டு மஞ்சளாக இருக்கிறது, நிழலில் மட்டும் கொஞ்சம் தேன் நிறம். எனக்குப் பிடித்திருக்கிறது.

மிச்சம் டிரோன். பட்டியலில் `DJI D-Log` இருக்கிறது, டி-லாக் எம் என் பதிப்பில் இல்லை.

---

காங்கேயம் கிளிக் | வியாழன், காலை 7.00

`DJI D-Gamut`, `DJI D-Log` என்றே கொடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன், நன்றாகவே வருகிறது.

---

நொய்யல் நிறம் | வியாழன், காலை 7.40

பெயரில் ஒற்றுமை, வளைவில் இல்லை. டி-லாக் எம் ஏற்கெனவே கொஞ்சம் கான்ட்ராஸ்ட் ஏற்றியது. அதை டி-லாக் என்று சொன்னால் இன்னொரு பங்கு ஏறும், தென்னை மறுபடியும் கரியாகும்.

நான் செய்வது: டிரோன் நிறுவனமே தரும் டி-லாக் எம் லட்டை முதலில் போட்டு `Rec.709` ஆக்குவேன். பிறகு ஒரு மாற்ற நோடில் `Rec.709 / Gamma 2.4`-லிருந்து `DaVinci Wide Gamut / DaVinci Intermediate`. அதற்குப் பிறகு மற்றக் கேமராக்களோடு ஒரே வரிசை. இதில் இழப்பும் உண்டு. மேகத்தின் வெளிச்சப் பகுதி அந்த முதல் லட்டிலேயே அமுங்கிவிடும், பிறகு இறக்கினாலும் விவரம் வராது. வானம் அதிகமாக இருக்கும் காட்சியில் எனக்கே இது பிடிப்பதில்லை. லட்டுக்கு முன்னால் ஒரு நோடு போட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிக் கொடுப்பேன், பாதி தப்பிக்கும்.

---

பழைய ரீல் | வியாழன், காலை 8.15

வாய்க்கால் காட்சியில் வானம் எவ்வளவு வருகிறது கண்ணு? கால்வாசிக்குள் என்றால் நொய்யல் வழியில் போங்கள். பாதிக்குமேல் வானம் என்றால் லட்டே இல்லாமல் கையால் வளைவு போட்டு, சோனி எடுத்த வெளிப்புறக் காட்சியைப் பக்கத்தில் வைத்துப் பொருத்துவேன். மெதுவான வேலை, ஆனால் நாலைந்து கிளிப்தானே.

---

காங்கேயம் கிளிக் | வியாழன், காலை 9.05

டி-லாக் என்று கொடுத்துவிட்டுக் கான்ட்ராஸ்டைக் கொஞ்சம் குறைத்தால் மேகமும் தப்பிக்கிறது, லட்டும் தேவையில்லை. என் கிளிப்பில் நிழலில் பச்சை கொஞ்சம் கறுக்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேகம் போவதைவிட அது எனக்குப் பரவாயில்லை.

---

நொய்யல் நிறம் | வியாழன், காலை 9.20

நிறமும் சேர்ந்து நகருமே தம்பி. தென்னை ஓலையையும் நெல் வயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே பச்சையாகிவிடும். மேகம் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை.

---

கோபிக்காரன் | வியாழன், இரவு 7.30

ஆறு டிரோன் கிளிப். ஐந்தில் வானம் கொஞ்சம்தான், அவற்றுக்கு அக்கா சொன்ன வழி. அட்டையும் இல்லை, வேட்டியும் இல்லை, அதனால் வாய்க்கால் கரையின் சிமெண்டைச் சோனி எடுத்த அதே கரையோடு பொருத்தினேன். ஆறாவது காட்சியில் சூரியன் எழுகிறது, முக்கால்வாசி வானம். அக்கா வழியில் சூரியனைச் சுற்றி வெள்ளைத் தட்டு. கிளிக் அண்ணன் வழியில் தட்டு இல்லை, ஆனால் தோப்பு கறுத்துவிட்டது. ஐயா சொன்ன கை வளைவுக்கு நேரமில்லை. முன்னோட்டத்தில் அந்தக் காட்சியை வெட்டிவிட்டேன். முழுப் படத்தில் வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டிருக்கிறார்கள், ஞாயிறு வரை நேரம் இருக்கிறது. அசல் கிளிப்பின் ஒரு சட்டத்தை நாளை இங்கே ஏற்றுகிறேன், மூன்று பேரும் அவரவர் வழியில் ஒரு முறை முயன்று காட்ட முடியுமா?

---

காங்கேயம் கிளிக் | வியாழன், இரவு 7.45

ஏற்றுங்கள். என்னுடையதை நாளை இரவுக்குள் போடுகிறேன்.

---

பழைய ரீல் | வியாழன், இரவு 8.30

ஒரு சட்டம் போதாது கண்ணு. சூரியன் எழுவதற்கு முன் ஒன்று, எழுந்த பின் ஒன்று, இரண்டையும் ஏற்றுங்கள். ஒன்றில் சரியாக வரும் வளைவு இன்னொன்றில் காலை வாரிவிடும்.